சுவருக்குள் போகும் கோடுகள்: வீட்டு பிளானில் லேயர்களைத் திறந்தும் மூடியும் பார்ப்பது

வீடு கட்டத் தொடங்கியதும் என்ஜினியரிடமிருந்து ஒரு பிடிஎஃப் வரும். தரைத்தளத்தின் பிளான். திறந்து பார்த்தால் கண்ணைக் கட்டும். சுவர், கதவு, ஜன்னல், அளவுகள், கட்டில், சோபா, குளியலறை டைல்ஸின் கட்டங்கள் எல்லாம் இருக்கும். அவற்றின் மேலேயே ஃபேன், லைட், சுவிட்ச் போர்டு, இவற்றை இணைக்கும் வளைகோடுகள். அதற்கும் மேலே தண்ணீர் பைப், கழிவுநீர் பைப், சேம்பர். எந்தக் கோடு சுவர், எந்தக் கோடு பைப் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அலுத்துப்போய், "சரி, அவங்களுக்குத் தெரியும்" என்று மூடிவிடுகிறோம்.

அந்த பிடிஎஃப்பை வரைந்தவர் கவனமாகத் தயாரித்திருந்தால், அதில் மின்சாரத்தை மட்டும் மறைக்கலாம், பிளம்பிங்கை மட்டும் காட்டலாம், இரண்டையும் சேர்த்து வைத்து மற்றதையெல்லாம் அணைத்துவிடலாம். இதற்கு லேயர் என்று பெயர். வீட்டுக்காரர்களில் பலருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. தெரிந்துகொண்டால், கான்கிரீட் போடுவதற்கு முன்பே பிடித்துவிடக்கூடிய சில தவறுகளைப் பிடித்துவிடலாம்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பும் கட்டட வரைபடக்காரர்கள் இதே வேலையைக் கையால் செய்தார்கள். சுவர் பிளானை ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் ஒளி ஊடுருவும் டிரேசிங் ஷீட்டை வைத்து மின்சாரத்தை வரைவார்கள். இன்னொரு ஷீட்டில் பைப். மூன்றையும் அடுக்கினால் முழுப் படம் கிடைக்கும். ஒன்றை உருவினால் அது மட்டும் போய்விடும். ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் இந்த அடுக்கு முறையை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் அதிலிருந்து பிடிஎஃப் எடுத்தவுடன் எல்லா அடுக்கும் ஒட்டிக்கொண்டு ஒரே படமாகிவிடும் என்ற நிலைதான் நெடுநாள் இருந்தது. 2003-இல் அடோபி நிறுவனம் அக்ரோபேட் 6-ஐயும் அதோடு பிடிஎஃப் 1.5 என்ற வடிவத்தையும் வெளியிட்டபோது அது மாறியது. பிடிஎஃப்புக்குள்ளும் அடுக்குகளைத் தனித்தனியாக வைத்திருக்க வழி வந்தது.

கோப்புக்குள் நடப்பது மிக எளிமையானது. பிடிஎஃப் என்பது, அடிப்படையில், "இங்கிருந்து அங்கு கோடு போடு, இந்த இடத்தில் இந்த எழுத்தை எழுது" என்ற கட்டளைகளின் நீண்ட வரிசை. லேயர் உள்ள பிடிஎஃப்பில் அந்த வரிசையின் நடுவே தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் இருக்கும்.

```
/OC /MC1 BDC
  ...மின்சாரக் கோடுகள்...
EMC
```

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உள்ளவை `MC1` என்ற குழுவைச் சேர்ந்தவை என்று இதற்குப் பொருள். அந்தக் குழுவின் பெயர் என்ன, கோப்பைத் திறக்கும்போது அது தெரியவேண்டுமா மறைந்திருக்கவேண்டுமா என்ற விவரங்கள் கோப்பின் வேறொரு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் ஒரு லேயரை அணைத்தால் அந்தக் கோடுகள் அழிவதில்லை. படம் காட்டும் மென்பொருள் அந்தக் குறிகளுக்கு நடுவில் உள்ளதை வரையாமல் தாண்டிப்போகிறது, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் பெரும்பாலான சிக்கல்களுக்கு இதுதான் காரணம்.

அணைக்கவும் ஏற்றவும் கம்ப்யூட்டரில் அக்ரோபேட் ரீடர் இருந்தால் போதும். கோப்பைத் திறந்து, `View` மெனுவில் `Show/Hide` என்பதற்குள் பக்கப் பலகைகளின் பட்டியலுக்குப் போனால் `Layers` என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் ஓரத்தில் லேயர்களின் பெயர்ப்பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு கண் படம். கண்ணைத் தட்டினால் அந்த லேயர் மறையும். மறுபடி தட்டினால் வரும். பூட்டுப் படம் இருந்தால், அந்த லேயரை மாற்ற முடியாதபடி தயாரித்தவர் பூட்டியிருக்கிறார் என்று பொருள். பெரும்பாலும் தாளின் ஓரச்சட்டத்தையும், திட்டப் பெயர், தேதி உள்ள கட்டத்தையும் அப்படிப் பூட்டி வைப்பார்கள். அது நல்ல பழக்கம். எத்தனை லேயரை அணைத்துப் பார்த்தாலும் இது எந்தத் தேதி வரைபடம் என்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

ரீடர் இல்லாவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியிலும் திறக்கலாம். அதன் பக்கப் பலகையிலும் லேயர் பட்டியல் உண்டு. குரோம் உலாவியில் அந்தப் பட்டியலே கிடையாது. தயாரித்தவர் எதை ஏற்றி வைத்தாரோ அதைக் காட்டும், மாற்ற வழியில்லை. மேக் கம்ப்யூட்டரின் பிரிவ்யூவும் அப்படித்தான். சைட்டில் எல்லோரும் பார்க்கும் கைபேசியிலும் பல செயலிகளில் இந்தப் பட்டியல் வராது. ஆகவே "பிடிஎஃப்ல லேயரே இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், எதில் திறந்து பார்த்தோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வீடுகளில் அடிக்கடி வரும் அமைப்பு இது: படுக்கையறை, அதை ஒட்டிய குளியலறை, இரண்டுக்கும் நடுவே நாலரை அங்குலச் சுவர். படுக்கையறைப் பக்கம் கட்டிலின் தலைமாட்டில் சுவிட்ச் போர்டு. குளியலறைப் பக்கம் அதே சுவரில் ஷவர், அதற்கு வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் டைவர்ட்டர், மேலே கெய்சர். மின்சாரத்தை ஒருவர் வரைந்திருப்பார், பிளம்பிங்கை இன்னொருவர் வரைந்திருப்பார். இரண்டும் தனித்தனியே பார்த்தால் குறையில்லாத வரைபடங்கள்.

இந்த பிடிஎஃப்பைத் திறந்ததும் முதலில் எல்லா லேயரையும் அணைத்துவிடுங்கள். பிறகு சுவர் லேயரை மட்டும் ஏற்றுங்கள். வீட்டின் எலும்புக்கூடு தெரியும். அடுத்து மின்சாரம். போர்டு எங்கே, அதற்கு வயர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். இப்போது மின்சாரத்தை அணைத்து பிளம்பிங்கை ஏற்றுங்கள். ஷவர் எங்கே, கெய்சர் எங்கே. கடைசியாக இரண்டையும் சேர்த்து ஏற்றி, நடுச்சுவரை நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். அறைகலன், அளவுகள், டைல்ஸ் கட்டம் எதுவும் வேண்டாம். அவை அணைந்திருந்தால்தான் இது தெரியும்: சுவரின் ஒரு பக்கத்தில் போர்டின் குறி, சரியாக அதன் முதுகில் டைவர்ட்டரின் குறி.

இங்கே பதறவேண்டாம், கணக்குப் பார்க்கவேண்டும். ஒன்றுக்கு நூறு என்ற அளவில் அச்சான பிளானில், தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது வீட்டில் நூறு மில்லிமீட்டர், அதாவது நாலு அங்குலம். போர்டின் குறியைத் தாளில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு வரைந்திருந்தால், அது வீட்டில் ஓர் அடி அகலம் என்றாகிவிடும். உண்மையான பெட்டி அவ்வளவு பெரிதாக இருக்கவேண்டியதில்லை. குறி என்பது கண்ணுக்குத் தெரிவதற்காக வரையப்படுவது; பொருளின் அளவுக்கு வரையப்படுவது அல்ல. ஆகவே இரண்டு குறிகள் மோதுவதை எச்சரிக்கையாக மட்டும் எடுத்துக்கொண்டு, அளவுகள் உள்ள லேயரை ஏற்றி எண்களைப் படிக்கவேண்டும்.

படிக்கிறோம். அறையின் மூலையிலிருந்து போர்டின் நடுப்பகுதி மூன்றடி. அதே மூலையிலிருந்து டைவர்ட்டர் மூன்றடி இரண்டு அங்குலம். பெட்டி ஒன்பது அங்குல அகலம் என்று வைத்தால், அது மூன்றடிக்கு இந்தப் பக்கம் நாலரை அங்குலமும் அந்தப் பக்கம் நாலரை அங்குலமும் பரவும். டைவர்ட்டர் அதற்குள்ளேயே விழுந்துவிடுகிறது. இனி ஆழம். சுவரில் புதைக்கும் சுவிட்ச் பெட்டி சுமார் இரண்டு அங்குலம் உள்ளே போகும். எதிர்ப்பக்கத்தில் முக்கால் அங்குல சிபிவிசி பைப்புக்குக் காடி வெட்டினால், பைப்பும் அதை மூடும் கலவையுமாக ஒன்றரை அங்குலம் வேண்டும். டைவர்ட்டர் உடல் அதைவிட ஆழம் கேட்கும். நாலரை அங்குலச் சுவரில் இரு பக்கமும் இப்படிக் குடைந்தால் நடுவில் ஓர் அங்குலச் செங்கல்கூட மிஞ்சுவது சந்தேகம். வெட்டும்போதே சுவர் உடையலாம். உடையாவிட்டாலும், பின்னால் பைப் இணைப்பு கசிந்தால் ஈரம் போய்ச் சேரும் இடம் மின்சாரப் பெட்டிதான்.

பிளானில் உயரம் தெரியாது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். லேயர்களை வைத்துப் பார்ப்பதன் பெரிய வரம்பு இதுதான். மேலிருந்து பார்க்கும் படம் அது. தரைக்கடியில் போகும் நாலு அங்குலக் கழிவுநீர் பைப்பும், கூரைக் கான்கிரீட்டுக்குள் போகும் வயர் பைப்பும் பிளானில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். அவற்றுக்கு நடுவில் பத்தடி இடைவெளி இருக்கிறது. அது மோதலே அல்ல. எல்லாக் குறுக்குவெட்டையும் வட்டம் போட்டுக்கொண்டு என்ஜினியரிடம் போனால் அவர் பொறுமை இழப்பார். நியாயமும் அவர் பக்கம்தான். சந்தேகப்படவேண்டியது சுவருக்குள் செங்குத்தாக ஏறி இறங்கும் இடங்களை. நம் எடுத்துக்காட்டில் வயர் பைப் கூரையிலிருந்து சுவர் வழியே நாலடி உயரத்தில் உள்ள போர்டுக்கு இறங்குகிறது. வெந்நீர் பைப் கெய்சரிலிருந்து அதே சுவர் வழியே டைவர்ட்டருக்கு இறங்குகிறது. ஷவர் பைப் டைவர்ட்டரிலிருந்து ஏழடி உயரத்துக்கு ஏறுகிறது. மூன்றுமே ஒரே பட்டையில், முதுகோடு முதுகு ஒட்டி ஓடுகின்றன. உயரம் தெரியாவிட்டாலும் இவை மோதும் என்று சொல்லிவிட முடிகிறது. கெய்சர் எந்த உயரம், போர்டு எந்த உயரம் என்று உறுதிசெய்ய அந்தச் சுவரின் நேர்த்தோற்றப் படத்தைக் கேட்டு வாங்கவேண்டும்.

தீர்வு கடினமல்ல. போர்டைக் கட்டிலின் மறுபக்கத்துக்கு மாற்றலாம். ஷவரை எதிர்ச்சுவருக்கு மாற்றலாம். அந்த ஒரு சுவரை ஒன்பது அங்குலமாகக் கட்டலாம். அறையில் நாலரை அங்குலம் போகும். இவற்றில் முதல் வழிதான் மலிவு. ஆனால் கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் செய்தால் மட்டுமே மலிவு. கம்பி கட்டியபின், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், எலக்ட்ரீஷியன் வயர் பைப்புகளைக் கம்பிகளுக்கு நடுவே ஓட்டி, போர்டுகளுக்கு இறங்கவேண்டிய இடங்களில் முனையை விட்டுவைப்பார். கான்கிரீட் இறுகியபின் அந்த முனை அங்கேயேதான் இருக்கும். அதற்குப் பிறகு போர்டை நகர்த்த வேண்டுமானால் கூரையடியிலிருந்து சுவரில் குறுக்கே காடி வெட்டவேண்டும். ஆகவே இந்த லேயர் சோதனைக்கு உரிய நாள் சென்ட்ரிங் அடிக்கத் தொடங்கும் வாரம். பூச்சு வேலையின்போது எலக்ட்ரீஷியன் வந்து, "சார், நம்ம போர்டுக்குப் பின்னாடியே அவங்க பைப்பு வருது" என்று சொன்னால் காலம் கடந்துவிட்டது.

இப்படியெல்லாம் பார்க்கவேண்டுமானால் லேயர்கள் பிடிஎஃப்புக்குள் வந்து சேரவேண்டும். அது வரைபவர் கையில் இருக்கிறது. ஆட்டோகேட்டில் `DWG To PDF.pc3` என்ற பிளாட்டரைத் தேர்ந்தெடுத்து, `PDF Options` பொத்தானை அழுத்தினால் `Include layer information` என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் இருந்தால் லேயர்கள் பிடிஎஃப்புக்குப் போகும். இல்லாவிட்டால் போகாது. விண்டோஸோடு வரும் `Microsoft Print to PDF` வழியாக எடுத்தால் டிக் போட இடமே இல்லை. எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் வரும். இன்னொன்று, எடுக்கும் நேரத்தில் ஆட்டோகேட்டில் அணைத்தோ உறையவைத்தோ இருக்கும் லேயர் பிடிஎஃப்பில் வராது. மின்சாரத்தை அணைத்துவிட்டு பிடிஎஃப் எடுத்தால், அங்கே மின்சாரம் மறைந்திருக்காது, இருக்கவே இருக்காது. எல்லாவற்றையும் ஏற்றி வைத்து எடுப்பதுதான் முறை.

லேயரின் பெயர்களும் முக்கியம். அமெரிக்கத் தேசிய கேட் தரத்தில் பெயரின் முதலெழுத்தே துறையைச் சொல்லிவிடும்: கட்டடத்துக்கு A, மின்சாரத்துக்கு E, பிளம்பிங்குக்கு P. `A-WALL` என்றால் சுவர், `E-LITE` என்றால் விளக்குகள். இந்த வழக்கத்தைப் பின்பற்றும் அலுவலகத்தின் பிடிஎஃப் என்றால் பெயர்ப்பட்டியலைப் பார்த்தவுடன் எதை அணைப்பது என்று புரியும். `Layer1`, `Layer2`, `new`, `new2` என்று இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. அறுபது எழுபது லேயர் உள்ள வரைபடத்தில் அது யாருக்கும் முடிகிற காரியமல்ல. அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பில் லேயர்களை ஒன்றோடொன்று இணைக்க முடியும். சைட்டுக்கு அனுப்பும் கோப்பில் சுவர், அளவு, அறைகலன், மின்சாரம், பிளம்பிங் என்று ஐந்து பெயர்கள் இருந்தால் போதும் என்பது என் எண்ணம். அந்த வேலைக்கு அலுவலகத்தில் சிறிது நேரம் செலவிடுவது வீண்போகாது.

கோப்பு நன்றாகத் தயாரிக்கப்பட்டதா என்று வீட்டுக்காரரே சோதித்துவிடலாம். எல்லா லேயரையும் அணைத்துவிட்டு வெறும் தாளைப் பாருங்கள். அங்கே ஒரு ஃபேன் மட்டும் மிதந்துகொண்டிருந்தால், அது எந்த லேயரிலும் சேராமல் நிற்கிறது என்று பொருள். பிறகு மின்சாரத்தை மட்டும் ஏற்றுங்கள். நடுக்கூடத்தில் சோபா தெரிந்தால், வரைந்தவர் மின்சார லேயரில் இருந்தபடியே சோபாவை வைத்துவிட்டார். சோபா அங்கே இருந்தால் பெரிய நஷ்டமில்லை. ஆனால் இதே தவறு தலைகீழாக நடந்து, இரண்டு சுவிட்ச் போர்டுகள் அறைகலன் லேயரில் மாட்டிக்கொண்டால், அறைகலனை அணைத்துவிட்டுப் பார்க்கும் எலக்ட்ரீஷியன் கண்ணில் அந்த இரண்டும் படாது. அவர் எண்ணிக்கையில் இரண்டு குறையும்.

சில நேரம் லேயர் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கோடு பாதியில் அறுந்து நிற்கும். குளியலறைக்குள் பைப் வந்து, நடுவில் காணாமல் போய், மறுபுறம் திரும்பத் தோன்றும். பைப் அங்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. "டாய்லெட்" என்ற எழுத்து தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக, வரைபவர் அதன் பின்னால் வெள்ளைத் திட்டு ஒன்றை வைத்திருப்பார். பிடிஎஃப்பில் பின்னால் வரையப்படுவது முன்னால் வரையப்பட்டதை மறைக்கும். பைப் முதலிலும் வெள்ளைத் திட்டு பிறகும் வரையப்பட்டால், பிளம்பிங் லேயர் ஏற்றியிருந்தாலும் அந்தத் துண்டு மறைந்தேதான் இருக்கும். அறைப்பெயர் உள்ள லேயரை அணைத்துப் பாருங்கள். கோடு முழுமையாகிவிட்டால் காரணம் புரிந்துவிடும்.

கோப்பு சரியாகத் தயாராகி, வழியில் கெட்டுப்போவதும் உண்டு. தரைத்தளம், முதல் தளம், மொட்டைமாடி என்று மூன்று பிடிஎஃப்பை ஏதோ ஓர் இலவச இணையதளத்தில் ஒன்றாக இணைத்தால், சில கருவிகள் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு லேயர் விவரங்களை விட்டுவிடும். அப்போது மறைந்திருந்தவைகூட எல்லாமே சேர்ந்து தெரியும், அணைக்கவும் வழியிருக்காது. பிடிஎஃப்பைத் திறந்து மறுபடி பிரின்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கினாலும் இதே கதிதான். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பினால் அதற்குப் பிறகு அது புகைப்படம். லேயர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே வீட்டின் பிளான் என்ஜினியரிடம் ஒரு மாதிரியும் மேஸ்திரியின் கைபேசியில் வேறு மாதிரியும் தெரிந்தால், நடுவில் இவற்றில் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது.

பலரும் குழம்பும் இன்னோர் இடம், சேமிப்பது. வீட்டுக்காரர் ரீடரில் திறந்து, மின்சாரத்தை அணைத்துவிட்டு, பிளம்பருக்கு அனுப்பலாம் என்று சேமித்து அனுப்புகிறார். பிளம்பர் திறந்தால் மின்சாரமும் சேர்ந்தே தெரிகிறது. கண் படத்தைத் தட்டுவது அந்த நேரத்துக்கு மட்டும் உங்கள் திரையில் செல்லும். கோப்பைத் திறக்கும்போது எந்த லேயர் எப்படி இருக்கவேண்டும் என்பது தனியாக எழுதப்பட்ட தொடக்க நிலை. அதை மாற்ற அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பு வேண்டும். அங்கே லேயரின் பெயர்மேல் வலது சொடுக்கி `Layer Properties`-க்குப் போனால் `Default State` என்று இருக்கும். அதை `Off` என்று மாற்றிச் சேமித்தால்தான் அடுத்தவர் திறக்கும்போதும் அது அணைந்திருக்கும். லேயர் பட்டியலே இல்லாத குரோமில் திறந்தால்கூட இந்தத் தொடக்க நிலைதான் செல்லும்.

அதே பெட்டியில் `Print` என்று தனியாக ஒன்று உண்டு. `Prints When Visible` என்று இருந்தால் திரையில் தெரிவது தாளில் வரும். `Always Prints` என்று இருந்தால் திரையில் அணைத்திருந்தாலும் அச்சில் வந்துவிடும். `Never Prints` என்றால் திரையில் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அச்சில் வராது. மூன்றாவது வகையில் ஆபத்து அதிகம். பிளம்பிங் லேயர் தவறுதலாக `Never Prints` என்று வைக்கப்பட்டிருந்தால், அலுவலகத்தில் திரையைப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. சைட்டுக்குப் போகும் ஏ3 தாளில் பைப்பே இருக்காது. அச்செடுக்கும் முன் பிரின்ட் பெட்டியில் வரும் முன்தோற்றத்தைத் திரையில் உள்ளதோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

சைட்டில் வேலை செய்பவரிடம் லேயரை அணைத்து ஏற்றச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சிமென்ட் கையோடு, வெயிலில், சின்னத் திரையில் அவர் அதைச் செய்யமாட்டார். செய்யவேண்டிய அவசியமும் இல்லை. லேயர் உள்ள கோப்பு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கானது: என்ஜினியர், மேற்பார்வையாளர், வீட்டுக்காரர். எலக்ட்ரீஷியனுக்குச் சுவரும் மின்சாரமும் மட்டும் உள்ள ஒரு தாள், பிளம்பருக்குச் சுவரும் பைப்பும் மட்டும் உள்ள ஒரு தாள். நம் எடுத்துக்காட்டில் உள்ளது போன்ற சிக்கலான சுவர்களுக்கு மட்டும் இரண்டும் சேர்ந்த மூன்றாவது தாள், இருவருக்கும் ஒரே பிரதி. மூன்றும் ஒரே கோப்பிலிருந்து, ஒரே தேதியில் அச்சானவையாக இருக்கவேண்டும். போன வாரத்து மின்சாரமும் இந்த வாரத்து பிளம்பிங்கும் ஒரே சுவரில் சந்திக்கக் கூடாது.

மறைத்த லேயர் அழிந்ததல்ல என்று முன்பே சொன்னேன். வெளியாருக்குக் கோப்பை அனுப்பும்போது இது வேறு விதமாகவும் முக்கியமாகிறது. கண்காணிப்புக் கேமராக்கள் எங்கே, அவற்றின் வயர் எந்த வழியாகப் போகிறது, லாக்கர் உள்ள அலமாரி எது என்பதெல்லாம் ஒரு லேயரில் இருக்கலாம். அதை அணைத்து, தொடக்க நிலையையும் அணைந்ததாகவே மாற்றி, டைல்ஸ் கடைக்காரருக்கு அனுப்பினால் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லேயர் பட்டியலைத் திறந்து கண்ணைத் தட்டினால் தெரிந்துவிடும். அக்ரோபேட்டின் தேடல்கூட மறைந்த லேயரில் உள்ள எழுத்துகளிலும் தேடும். அங்கே கிடைத்தால் அந்த லேயரைக் காட்டவா என்று கேட்கும். உண்மையிலேயே நீக்கவேண்டுமானால் ஆட்டோகேட்டிலேயே அந்த லேயரை அணைத்துவிட்டுப் புதிதாக பிடிஎஃப் எடுக்கவேண்டும். முன்பு குறையாகச் சொன்ன அதே குணம் இங்கே உதவிக்கு வருகிறது: அணைத்த லேயர் கோப்புக்குள் போகவே போகாது.

வீடு முடிந்த பிறகும் இந்தக் கோப்புக்கு வேலை இருக்கிறது. வேலையின் நடுவே எத்தனையோ மாறியிருக்கும். போர்டு நகர்ந்திருக்கும், பைப் வேறு சுவருக்குப் போயிருக்கும். பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துப் பிடித்தபடி, படம் எடுத்து வைத்தால், அதைப் பார்த்து மின்சாரம், பிளம்பிங் லேயர்களைத் திருத்தி வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கோப்பை நெடுநாள் வைத்திருக்கப் போகிறோம் என்று, ஆவணக் காப்புக்கான பிடிஎஃப்/ஏ வடிவத்தில் சேமிக்கச் சொன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2005-இல் வந்த அதன் முதல் வகை லேயர்களை ஏற்காது. 2011-இல் வந்த இரண்டாம் வகை ஏற்கும். பத்து ஆண்டுகள் கழித்து அந்தப் படுக்கையறைச் சுவரில் ஏசி மாட்ட வருகிறவர் டிரில்லை எடுக்கும்போது, பைப் எந்தப் பட்டையில் ஓடுகிறது என்று பிளம்பிங் லேயரை ஏற்றி அவருக்குக் காட்டலாம்.